பேக்-டு-பேக் ஒப்பந்தம்

பேக்-டு-பேக் ஒப்பந்தம் என்பது, மூல ஒப்பந்தத்தின் நிபந்தனைகளைத் துணை ஒப்பந்ததாரர் மீதும் அப்படியே சுமத்தும் உடன்படிக்கை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் கட்டுமானத்திலும் ஜாப் ஒர்க்கிலும் இத்தகைய அடுக்கு ஒப்பந்தங்கள் உண்டு. வாடிக்கையாளர் பணம் தந்த பின்னரே துணை ஒப்பந்ததாரருக்குத் தரப்படும் என்பது இதன் முக்கியப் பிரிவு. இது தவணையை மட்டும் தள்ளிப்போடுகிறதா, பணம் வராவிட்டால் கடனையே இல்லாமலாக்குகிறதா என்பதை வாசகத்தின் சொற்களே முடிவு செய்யும். பல வழக்குகள் இங்குதான் பிறக்கின்றன.

பிரிட்டனில் 1996ஆம் ஆண்டுச் சட்டம், திவால் நேர்வு நீங்கலாக, கட்டுமான ஒப்பந்தங்களில் இப்பிரிவைச் செல்லாததாக்கியது. இந்தியாவில் அத்தகைய பொதுத் தடை இல்லை. ஆனால் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்கு மிகாமல் பணம் தரக் கோருகிறது; முரணான பிற சட்டங்களைவிட இதுவே மேலோங்கும் என்கிறது 24ஆம் பிரிவு. தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக ஏறும். வங்கி விகிதம் 6% எனில், 10 லட்சம் ரூபாய் பில் கெடு கடந்து மூன்று மாதம் நின்றால் வட்டி ஏறத்தாழ 45,700 ரூபாய்.

இச்சட்டத்தின் பலனைப் பெற, உத்யம் பதிவு ஒப்பந்தத்துக்கு முன்பே இருப்பது பாதுகாப்பு. பொருளும் உழைப்பும் பிரிக்க முடியாத பணி ஒப்பந்தங்களை இச்சட்டத்துக்குப் புறம்பானவை எனச் சில உயர் நீதிமன்றங்கள் கருதியுள்ளன. கட்டுமானத் துணை ஒப்பந்ததாரருக்கு இதுவே பெரிய இடைவெளி.