கேரி-செலக்ட் கூட்டி

கேரி-செலக்ட் கூட்டி இரும எண்களைக் கூட்டும் சுற்றுகளுள் ஒன்று. எண்ணின் கீழ்ப் பகுதியிலிருந்து கேரி வந்து சேரும்வரை இது காத்திருப்பதில்லை. மேல் பகுதியின் விடையை, கேரி 0 ஆனால் என்ன, 1 ஆனால் என்ன என்று இரு விதமாகவும் முன்கூட்டியே கணித்து வைக்கிறது. கேரி வந்ததும் மல்டிபிளெக்சர் ஒன்று இரண்டிலொன்றைத் தெரிந்தெடுக்கிறது. எளிய ரிப்பிள் கேரி கூட்டியைவிட இது விரைவானது. அந்த விரைவுக்கு விலையாகக் கூடுதல் படலைகள் தேவைப்படுகின்றன.

வரலாறு

கேரிக்காகக் காத்திருப்பது மின்னணுக் கணினிக்கு முந்திய தொல்லை. 19ஆம் நூற்றாண்டில் சார்ல்ஸ் பாபேஜ் தம் பகுப்பாய்வு இயந்திரத்துக்கென, கேரியை முன்னுணரும் பொறியமைப்பொன்றை வகுத்தார். 1946இல் பேர்க்ஸ், கோல்ட்ஸ்டைன், ஃபொன் நொய்மன் மூவரும் 40 பிட் எண்களைக் கூட்டும்போது கேரி ஓடும் மிக நீண்ட தொடர் சராசரியாக ஏறத்தாழ ஐந்து இடங்களில் அடங்கும் என்று காட்டினர். ஆனால் கடிகாரத் துடிப்புக்குக் கட்டுப்பட்ட இயந்திரம் சராசரியை நம்பி நடக்க முடியாது. மிக மோசமான நிலைக்கும் நேரம் ஒதுக்கியாக வேண்டும்.

இப்போதைய பெயரோடு இச்சுற்று அறிமுகமானது 1962இல். அவ்வாண்டு ஓரெஸ்ட் பெட்ரிஜ் ரேடியோப் பொறியாளர் கழகத்தின் கணினி ஆய்விதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பே கேரி-செலக்ட் கூட்டி என்பதுதான். அதில் அவர் ஒப்பிட்டது 100 பிட் கூட்டிகளை. பாடநூல்களில் இன்று காணும் எட்டு பிட் எடுத்துக்காட்டு கற்பிக்கும் வசதிக்காகச் சுருக்கப்பட்ட அளவு.

இருவித விடைகளையும் முன்கூட்டியே கணிக்கும் எண்ணம் முதலில் யாருடையது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. 1960இல் ஜாக் ஸ்க்லான்ஸ்கி வெளியிட்ட நிபந்தனைக் கூட்டல் முறையிலும் அதே எண்ணம் உண்டு. அதை ஒரு பிட் அளவு வரை இறக்கி, அடுக்கடுக்காகத் தெரிந்தெடுப்பது அவர் வழி. கேரி-செலக்டை அதன் எளிய வடிவம் என்று கொள்வாரும் தனிச் சுற்று என்பாரும் உளர்.

எட்டு பிட்டுக்கான வடிவமைப்பு

வழக்கமான வடிவம் நான்கு நான்கு பிட்டாகப் பிரிப்பது. கீழ் நான்கு பிட்டுகளுக்கு ஒரு ரிப்பிள் கேரி கூட்டி. மேல் நான்கு பிட்டுகளுக்கு அதே போன்ற இரண்டு. ஒன்றின் கேரி உள்ளீடு 0இலும் மற்றதன் உள்ளீடு 1இலும் நிலையாகக் கட்டப்படும். கீழ்க் கூட்டியின் c4 வெளியீடு தேர்வுக் கோடாகிறது. கூட்டுத்தொகை பிட்டுகள் நான்குக்கு நான்கு மல்டிபிளெக்சர்கள் வேண்டும்.

இறுதிக் கேரியான c8க்கு ஐந்தாவது மல்டிபிளெக்சர் வைப்பது பொது வழக்கம். உண்மையில் அது தேவையில்லை. கேரி இல்லாமலே மேல் பகுதி வழிந்தால், கேரி வந்தாலும் அது வழியத்தான் செய்யும். ஆகவே ஓர் ஆண்ட் படலையும் ஓர் ஆர் படலையும் போதும். இந்தச் சிறு சிக்கனத்தைப் பல பாடநூல்கள் கவனியாமல் விடுகின்றன.

```verilog
assign s[7:4] = c4 ? t1 : t0;
assign c8 = k0 | (c4 & k1);
```

இங்கே t0, k0 என்பவை கேரி 0 எனக் கொண்ட கூட்டியின் தொகையும் கேரியும். t1, k1 கேரி 1 எனக் கொண்டதன் தொகையும் கேரியும்.

தாமத ஒப்பீடு

ஆண்ட், ஆர், நாட் படலை ஒவ்வொன்றும் ஓர் அலகு நேரம் எடுக்கும் என்று கொள்வோம். இவற்றால் கட்டிய எக்ஸ்-ஆர் படலைக்கு 3 அலகு. முழுக்கூட்டியில் இரு உள்ளீடுகளின் எக்ஸ்-ஆர் 3ஆம் அலகில் தயாராகும். அதன்பின் கேரி ஒவ்வொரு நிலையையும் ஓர் ஆண்ட், ஓர் ஆர் என 2 அலகில் கடக்கும். எனவே ரிப்பிள் கேரி கூட்டியில் c1 தயாராவது 5இல், c4 11இல், c7 17இல், c8 19இல். கடைசிக் கூட்டுத்தொகை பிட் c7 வந்தபின் இன்னோர் எக்ஸ்-ஆரைக் கடக்க வேண்டும். மொத்தம் 20 அலகு.

கேரி-செலக்டில் மூன்று நான்கு-பிட் கூட்டிகளும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. மேல் கூட்டிகளின் கடைசிப் பிட் 12இல் தயார். அது மல்டிபிளெக்சரின் தரவு வழியாக 2 அலகில் வெளியே வரும். c4 தயாராவது 11இல். தேர்வுக் கோடு ஒரு நாட் படலையையும் கடப்பதால் 3 அலகு எடுக்கும். இரு வழிகளும் 14இல் முடிகின்றன. நான்கு நான்கு என்ற பிரிப்பின் அழகு இதுதான்: எதுவும் எதற்காகவும் வீணாகக் காத்திருப்பதில்லை. இரண்டு, மூன்று, மூன்று என மூன்று தொகுதிகளாகப் பிரித்துக் கணக்கிட்டாலும் அதே 14தான் கிடைக்கிறது. மல்டிபிளெக்சர் அதிகமானதே மிச்சம்.

படலை எண்ணிக்கையில், எக்ஸ்-ஆர் ஒன்றை ஐந்து படலையாகக் கொண்டால் ஒரு முழுக்கூட்டிக்கு 13. ரிப்பிள் கேரிக்கு 104. கேரி-செலக்டுக்குப் பன்னிரண்டு முழுக்கூட்டிகள், நான்கு மல்டிபிளெக்சர்கள், கடைசி இரு படலைகள் எனச் சேர்த்து 174. நேரத்தில் 30 விழுக்காடு குறைய, படலை மூன்றில் இரண்டு பங்கு கூடுகிறது.

இந்த 30 எவ்வளவு உறுதியானது என்பது எண்ணும் முறையைப் பொறுத்தது. எக்ஸ்-ஆரை 2 அலகாகக் கொள்வோருக்கு விடை 18க்கு 13. முழுக்கூட்டியையும் மல்டிபிளெக்சரையும் ஒவ்வோர் அலகாகக் கொள்வோருக்கு 8க்கு 5. c4 ஒரே நேரத்தில் ஐந்து இடங்களை இயக்க வேண்டியிருப்பதால் வரும் தாமதம் இம்மூன்றிலும் சேரவில்லை. உண்மைச் சில்லில் ஆதாயம் இவற்றைவிடக் குறையவே வாய்ப்பு.

அளந்து பார்ப்போர் உள்ளீட்டைத் தேர்வதில் கவனமாக இருக்க வேண்டும். மோசமான வழியைத் தூண்ட, Bஐ 00000000 என்றும் உள்வரும் கேரியை 1 என்றும் வைத்து, Aஐ 11111110இலிருந்து 11111111க்கு மாற்றலாம். வெளியீட்டின் எட்டுப் பிட்டும் 1இலிருந்து 0க்கு மாறும். Aஐ 11111111 என்றே வைத்துவிட்டு உள்வரும் கேரியை மட்டும் மாற்றினால், முதல் எக்ஸ்-ஆர் ஏற்கெனவே அடங்கியிருக்கும்; 20க்குப் பதில் 17தான் தெரியும். மல்டிபிளெக்சர் உள்ளீடுகள் இடம் மாறியிருந்தால் தாமதத்தில் அது தெரியாது, விடையில் தெரியும்: 3+2 என்பதற்கு 21 வரும், 15+1 என்பதற்கு 0 வரும். பிழை எப்போதும் 16 ஆக இருந்தால் தேர்வுக் கோட்டைப் பார்க்க வேண்டும்.

பிற்கால மாற்றங்கள்

இரட்டைக் கூட்டியின் செலவைக் குறைக்கும் முயற்சிகள் 1990களில் வலுத்தன. தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒன்று பரவலாக எடுத்தாளப்படுகிறது: வேலூர் விஐடியைச் சேர்ந்த பி. ராம்குமார், ஹரீஷ் எம். கித்தூர் இருவரும் 2012இல் வெளியிட்டது. கேரி 1 என்று கொள்ளும் இரண்டாவது கூட்டியை நீக்கிவிட்டு, முதல் கூட்டியின் விடையோடு 1 சேர்க்கும் சிறு சுற்றை அவர்கள் வைத்தனர். 64 பிட் அளவில் பரப்பு 17.4 விழுக்காடும் மின்செலவு 15.4 விழுக்காடும் குறைந்ததாகவும் தாமதம் 3.76 விழுக்காடு கூடியதாகவும் அவர்கள் குறிப்பிட்டனர். மேலே கண்ட எட்டு பிட் கணக்கில் இந்த மாற்றத்தைப் பொருத்தினால், மேல் தொகுதியின் முதல் நிலைக்கு அரைக்கூட்டி வைத்தாலும் 14 அலகு 15 ஆகிறது.

  

எஃப்பிஜிஏ சில்லுகளில் கேரிக்கென்றே விரைவான தனி வழி பதிக்கப்பட்டிருக்கும். அங்கே எட்டு பிட் ரிப்பிள் கேரி, மல்டிபிளெக்சருக்காக அந்த வழியை விட்டு வெளியேறும் கேரி-செலக்டை முந்திவிடுவது வழக்கம்.