சுகர் பேஷண்டுக்கே குளுக்கோஸ் டிரிப் போடுவது ஏன்? ஐசியூவில் நடப்பது இதுதான்!

"என்னங்க சிஸ்டர், சுகர் ஜாஸ்தின்னுதானே சேர்த்தோம்... இப்ப குளுக்கோஸ் ஏத்துறீங்க?" ஐசியூ வாசலில் நிற்கும் உறவினர்களுக்கு நியாயமாக வரும் சந்தேகம் இது. இரண்டு உதாரணங்களோடு பார்ப்போம்.

கோவை மாணவர், அன்னூர் பெரியவர்

60 கிலோ எடையுள்ள கல்லூரி மாணவர். டைப் 1 சர்க்கரை நோய். காய்ச்சலில் சாப்பிடவில்லை என்று இன்சுலினையும் நிறுத்திவிட்டார். ஒரே நாளில் வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு. சுகர் 480. இன்சுலின் இல்லாததால் உடல் கொழுப்பை எரிக்கிறது. அதில் உருவாகும் கீட்டோன் ரத்தத்தை அமிலமாக்குகிறது. இதுதான் டிகேஏ எனப்படும் கீட்டோஅசிடோசிஸ்.

அடுத்தவர் அன்னூர் பக்கம் 70 வயது பெரியவர், டைப் 2. ஒரு வாரமாக சிறுநீர்த் தொற்று. தாகத்துக்கு இளநீர், சோடா என்று குடித்திருக்கிறார். 'வயசாச்சு, அசதி' என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். பேச்சு குழறியதும்தான் ஆஸ்பத்திரி. குளுக்கோமீட்டரில் எண்ணே வரவில்லை, HI என்று காட்டுகிறது. பல மீட்டர்களில் சுகர் 600-ஐத் தாண்டினால் அப்படித்தான் வரும். இது ஹைப்பர்ஆஸ்மோலார் நிலை. கீட்டோன் அதிகம் இருக்காது, ஆனால் உடலில் சுமார் 9 லிட்டர் வரை நீர் வற்றியிருக்கும். உயிரிழப்பு இதில்தான் அதிகம்.

முதலில் இன்சுலின் இல்லை

இருவருக்குமே முதலில் ஏறுவது சலைன். பொட்டாசியம் ரிப்போர்ட்டும் உடனே வேண்டும். இன்சுலின் போட்டால் ரத்தத்திலுள்ள பொட்டாசியம் செல்லுக்குள் போய்விடும். அளவு 3.5-க்குக் கீழே இருக்கும்போது போட்டால் இதயத்துடிப்பே தடுமாறலாம். அதனால் பொட்டாசியத்தை ஏற்றிய பிறகே இன்சுலின்.

மாணவருக்கு கிலோவுக்கு 0.1 யூனிட், அதாவது மணிக்கு 6 யூனிட், பம்ப் மூலம் போகும். சுகர் சீக்கிரமே 250-க்கு இறங்கிவிடும். ஆனால் அமிலம் இன்னும் போயிருக்காது! அதைப் போக்க இன்சுலின் தொடர வேண்டும். சுகர் ஒரேயடியாகத் தாழ்ந்துவிடவும் கூடாது. அதற்குத்தான் அந்த குளுக்கோஸ் டிரிப்.

பெரியவருக்கு எல்லாமே நிதானம். இன்சுலினும் குறைந்த அளவுதான். சுகரும் உப்பும் சட்டென்று இறங்கினால் மூளை வீங்கலாம்.

நர்ஸ் எதைப் பார்க்கிறார்?

மணிக்கொரு தடவை சுகர், எவ்வளவு சிறுநீர் போகிறது, மானிட்டரில் இதயத்துடிப்பு. சில மணி நேரத்துக்கு ஒருமுறை பொட்டாசியம். சிறுநீர் சரியாகப் போகாவிட்டால் ஏற்றும் பொட்டாசியம் உடலிலேயே தேங்கும். தெளிந்து வந்தவர் திடீரென்று தலைவலி என்றாலோ, மறுபடி மயங்கினாலோ உடனே டாக்டருக்கு போன். பெரியவருக்கு மூச்சுத் திணறினால், சலைன் அளவு மீறி நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதா என்ற சந்தேகம்.

மாணவர் இட்லி சாப்பிடத் தொடங்கியதும் பம்பைக் கழற்றிவிட மாட்டார்கள். பம்பில் போகும் இன்சுலின் நிறுத்திய சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். நீண்டநேரம் வேலை செய்யும் ஊசியைப் போட்டு, மேலும் ஒன்றிரண்டு மணி நேரம் ஓடவிட்ட பிறகே பம்பை நிறுத்துவார்கள்.