கடவுச்சொல் சால்ட்

கடவுச்சொல் சால்ட் என்பது, ஒரு கணக்கின் கடவுச்சொல்லை ஹாஷ் செய்வதற்கு முன் அதோடு சேர்க்கப்படும் ரேண்டமான சில பைட்டுகள். ஒவ்வொரு கணக்குக்கும் தனி சால்ட் உண்டு. கடவுச்சொல்லை மாற்றும்போது சால்ட்டும் மாறும். இது ரகசியம் அல்ல. தரவுத்தளத்தில் ஹாஷுக்குப் பக்கத்திலேயே வெளிப்படையாக இருக்கும், திருடுபவன் கையிலும் சேர்ந்தே போகும். அப்படியிருந்தும் பயன்படுவதற்குக் காரணம், ஒரு கணக்கை உடைக்கச் செய்த வேலை இன்னொரு கணக்குக்கு உதவாமல் அது தடுத்துவிடுவதே. சால்ட்டின் பணி இது ஒன்றுதான்.

சால்ட் இல்லாதபோது நடப்பதைப் பார்த்தால் இது விளங்கும். சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒருவரும் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒருவரும் ஒரே மளிகைத் தளத்தில் கணக்கு வைத்திருக்கிறார்கள், இருவருமே `password` என்று வைத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். சால்ட் இல்லாத SHA-1 முறையில் இருவர் வரிசையிலும் ஒரே மதிப்புதான் பதிவாகும்:

```
5baa61e4c9b93f3f0682250b6cf8331b7ee68fd8
```

இந்த மதிப்பைத் தேடுபொறியில் இட்டாலே விடை வந்துவிடும். ஒருவருடையது தெரிந்தால் மற்றவருடையதும் தெரிந்த மாதிரி. 2012இல் லிங்க்ட்இன் தளத்திலிருந்து கசிந்த ஹாஷ்கள் இப்படிச் சால்ட் இல்லாத SHA-1 ஹாஷ்களே. சால்ட் சேர்த்தால் இந்த இருவரின் மதிப்புகளும் வெவ்வேறாகிவிடும். இருவரும் ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள் என்பதுகூட வெளியே தெரியாது.

பிக்பாஸ்கெட் கசிவு

பெங்களூரை மையமாகக் கொண்ட இணைய மளிகை நிறுவனமான பிக்பாஸ்கெட்டின் வாடிக்கையாளர் விவரங்கள் திருடப்பட்டதை 2020 நவம்பரில் சைபிள் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது. பெங்களூர் சைபர் குற்றப் பிரிவில் பிக்பாஸ்கெட் புகார் கொடுத்தது. 2021 ஏப்ரலில் அந்தத் தரவு யாரும் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் போடப்பட்டது. அதில் சுமார் இரண்டு கோடிப் பேரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், பிறந்த தேதி, கடவுச்சொல் ஹாஷ் ஆகியவை இருந்தன. கசிவுகளைப் பதிவு செய்யும் ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ தளம் அந்த ஹாஷ்களை `Django(SHA-1)` என்று வகைப்படுத்துகிறது. அதாவது சால்ட் இருந்தது. ஹாஷ் மட்டும் ஒரே சுற்று SHA-1. சால்ட் போட்டிருந்தும் சில நாட்களில் பல லட்சம் கடவுச்சொற்களை உடைத்துவிட்டதாக உரிமை கோரல்கள் எழுந்ததற்கு விளக்கம் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

பைத்தான் மொழியில் இணையதளம் கட்டுவோர் பயன்படுத்தும் ஜாங்கோவில், `sha1$salt$hash` என்ற இந்த வடிவத்துக்குள் மூன்று நீளச் சால்ட்டுகள் வந்திருக்கின்றன. 1.3 பதிப்பு வரை ஐந்தே ஹெக்ஸ் எழுத்து, அதாவது 20 பிட். 2012இல் வந்த 1.4 முதல் 12 எழுத்து, சுமார் 71 பிட். 2021 ஏப்ரலில் வந்த 3.2 பதிப்பு அதை 22 எழுத்தாக்கி 128 பிட்டுக்கு உயர்த்தியது. இரண்டு கோடிக் கணக்குகளை வைத்துக்கொண்டு இந்த நீளங்களுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

நீளக் கணக்கு

20 பிட் என்றால் மொத்தமே 10,48,576 வெவ்வேறு சால்ட்டுகள். இரண்டு கோடிப் பேருக்கு அவற்றைப் பங்கிட்டால் ஒரு சால்ட்டுக்குச் சராசரியாக 19 பேர் வருவார்கள். ஒரு கடவுச்சொல்லை எல்லார் மீதும் முயன்று பார்க்க இரண்டு கோடி ஹாஷ் தேவைப்பட வேண்டிய இடத்தில் பத்தரை லட்சம் போதும். அதைவிட மோசமான விளைவு ஒன்று உண்டு. அதிகம் புழங்கும் 10,000 கடவுச்சொற்களை எல்லாச் சால்ட்டுகளோடும் முன்கூட்டியே ஹாஷ் செய்து வைத்தால் சுமார் 1,050 கோடி மதிப்புகள். ஒன்றுக்கு 20 பைட் வீதம் 210 ஜிபி. ஒரு சாதாரண ஹார்டு டிஸ்க்கில் அடங்கிவிடும். இதே வடிவத்தில் 20 பிட் சால்ட் வைத்த எந்தத் தளம் கசிந்தாலும் அதே அட்டவணை பயன்படும்.

1979இல் ராபர்ட் மாரிஸும் கென் தாம்ப்சனும் விவரித்த யுனிக்ஸ் சால்ட் 12 பிட்தான், 4,096 வகைகள். அன்றைய வட்டுகளின் அளவுக்கு அது நியாயமான தேர்வு. இன்று அதை நகலெடுப்பது நியாயமல்ல.

32 பிட்டுக்குப் போனால் முன்கூட்டிய அட்டவணை கட்டுவது கடினமாகிவிடும். ஆனால் இரண்டு கோடிப் பேரில் ஒரே சால்ட் அமைந்த ஜோடிகள் இன்னும் சுமார் 46,000 இருக்கும். 64 பிட்டில் ஒரே ஒரு ஜோடியாவது அமையும் வாய்ப்பு ஏறத்தாழ லட்சத்தில் ஒன்று. ஒரு தளத்துக்கு அதுவே போதும் என்று வாதிடலாம். ஆனால் சால்ட் ஒரு தளத்துக்குள் மட்டுமல்ல, உலகில் எங்கும் திரும்ப வரக்கூடாது. 128 பிட், அதாவது 16 பைட் வைத்தால் அந்தக் கவலையே எழாது. ஆர்கான்2 முறைக்கான RFC 9106 பரிந்துரைப்பதும் 16 பைட்தான். பிகிரிப்ட் 1999 முதலே 16 பைட் வைத்திருக்கிறது. இரண்டு கோடிப் பேருக்கு இதற்கு ஆகும் கூடுதல் இடம் 320 எம்பி. இதில் சிக்கனம் பார்ப்பது வீண் வேலை. 16 பைட்டுக்கு மேல் நீட்டுவதாலும் பலன் இல்லை.

சால்ட்டால் முடியாதது

இன்றைய ஒரு நல்ல கிராஃபிக்ஸ் அட்டை நொடிக்கு ஆயிரம் கோடி SHA-1 கணக்குகளுக்கு மேல் செய்யும். 10,000 கடவுச்சொற்களை இரண்டு கோடிப் பேர் மீதும் தனித்தனியாக முயன்றால் இருபதாயிரம் கோடி ஹாஷ். எவ்வளவு நீளமான சால்ட் இருந்தாலும் கணக்களவில் 20 நொடி வேலை. SHA-1 மலிவாக இருப்பதால் வேலையைப் பகிர முடியாவிட்டாலும் திருடனுக்கு நஷ்டமில்லை.

மெதுவான ஹாஷ் முறைகள் இதற்காகவே வந்தன. ஜாங்கோ 3.2இன் PBKDF2 ஒவ்வொரு முயற்சிக்கும் 2,60,000 சுற்று ஓடும். 20 நொடி, குறைந்தபட்சம் இரண்டு மாதமாகிவிடும். இதே மெதுவான ஹாஷை சால்ட் இல்லாமல் பயன்படுத்தினால் 10,000 கடவுச்சொல்லுக்கும் ஒருமுறை ஹாஷ் செய்து இரண்டு கோடி வரிசைகளோடு ஒப்பிட்டால் முடிந்தது. ஓரிரு நொடி வேலை. ஆகவே இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பாதுகாப்பு என்று சொல்லிக்கொள்ள முடியாது.

தவறுகளும் சோதனையும்

எல்லாக் கணக்குக்கும் ஒரே நீண்ட சரத்தைச் சேர்ப்பது அடிக்கடி கண்ணில் படும் தவறு. கேம்ப் ரோட்டுக்காரரும் ராஜகீழ்ப்பாக்கத்துக்காரரும் மறுபடி ஒரே ஹாஷுக்கு வந்துவிடுவார்கள். பயனர் பெயரையே சால்ட்டாக வைத்தால், `admin` என்ற பெயர் எல்லாத் தளத்திலும் இருப்பதால் அதற்கு அட்டவணை தயாராகிவிடும். சால்ட்டை இயக்குதளத்தின் ரகசியத் தரமுள்ள மூலத்திலிருந்து எடுக்க வேண்டும். பைத்தானில் `random` கூடாது:

```python
import secrets
salt = secrets.token_bytes(16)
```

ஒரு ஜாங்கோ தளத்தில் சால்ட் இல்லாமலோ திரும்ப வந்தோ ஒரே ஹாஷ் பலருக்கு அமைந்திருக்கிறதா என்று அறிய ஒரே கேள்வி போதும்:

```sql
SELECT password, COUNT(*) FROM auth_user
GROUP BY password HAVING COUNT(*) > 1;
```

காலி மதிப்பைத் தவிர வேறு எந்த வரிசை வந்தாலும், சால்ட் இல்லை அல்லது திரும்ப வருகிறது என்று பொருள்.

பழைய ஹாஷ்களைத் திருத்த, வாடிக்கையாளர் மீண்டும் லாகின் செய்யும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இருக்கும் ஹாஷையே கடவுச்சொல்லாகக் கொண்டு, புதிய 16 பைட் சால்ட்டோடு மெதுவான முறையில் மீண்டும் ஹாஷ் செய்து பழைய ஹாஷை அழித்துவிடலாம்; பழைய சால்ட் இருந்தால் அதை மட்டும் வைத்திருக்க வேண்டும். ஒரு கணக்குக்கு 0.1 நொடி ஆகும் என்றால், இரண்டு கோடிக் கணக்குகளையும் 32 கோர் உள்ள ஒரு சர்வர் சுமார் 17 மணி நேரத்தில் முடித்துவிடும்.