சிலப்பதிகாரத்தில் பாண்டியனின் பிழை: விசாரணையற்ற தண்டனை

இளங்கோவடிகள் இயற்றியதாகக் கூறப்படும் சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம், பாண்டியன் நெடுஞ்செழியன் கோவலனுக்கு அளித்த தவறான தண்டனையை மையமாகக் கொண்டது. அவன் கொடுங்கோலன் என்பதால் இத்தவறு நேர்ந்ததாகக் காப்பியம் காட்டவில்லை. நல்ல அரசன் ஒருவனின் நீதிமுறை எந்த இடத்தில் முறிந்தது என்பதையே அது படிப்படியாகக் காட்டுகிறது.

கொலைக்களக் காதையில் அரசி கோப்பெருந்தேவி ஊடல் கொள்கிறாள். தலைவலி என்று சொல்லி அவையை விட்டு அவள் எழுந்து போக, அரசன் அவளைச் சமாதானப்படுத்தப் பின்தொடர்கிறான். வழியில் அரண்மனைப் பொற்கொல்லன் எதிர்ப்படுகிறான். அரசியின் சிலம்பைத் திருடியவன் தன் குடிசையில் இருக்கிறான் என்று முறையிடுகிறான். உண்மையில் அதைத் திருடியவன் அவனே. அரசன் காவலரை அழைத்து, சிலம்பு அவன் கையில் இருந்தால் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டுவரச் சொல்கிறான். அவை கூடவில்லை, குற்றம் சாட்டப்பட்டவன் முன்னிறுத்தப்படவில்லை, குற்றம் சாட்டியவனிடமும் ஒரு கேள்வி கேட்கப்படவில்லை.

இந்த ஆணைக்கு உரை மரபில் ஒரு விளக்கம் உண்டு. கொல்வதற்காகக் கொண்டுவருக என்ற பொருளில் ‘கொல்ல’ எனச் சொல்ல நினைத்தவன், ஊழ்வினையால் வாய் தவறிக் ‘கொன்று’ என்று சொல்லிவிட்டானாம். அரசனைக் காக்க முயலும் விளக்கம் இது. ஆனால் ‘கொல்ல’ என்றே சொல்லியிருந்தாலும் தீர்ப்பு விசாரணைக்கு முன்பே எழுதப்பட்டதாகத்தான் ஆகும்.

ஆணைக்குப் பிறகும் தவறு தடுக்கப்பட ஒரு வாய்ப்பு இருந்தது. கோவலனைக் கண்ட காவலர், இவன் தோற்றம் கள்வனுடையதாக இல்லை என்று தயங்குகின்றனர். பொற்கொல்லனோ மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்னும் எட்டுத் துணைகளால் கள்வர் எதையும் செய்வர் என்று களவு நூல் பேசி அவர்களைக் குழப்புகிறான். இந்த வாதத்தை எவராலும் மறுக்க முடியாது; நல்லவனாகத் தெரிவதே கள்வனின் திறமைக்குச் சான்றாகிவிடுகிறது. அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கல்லாத, குடிவெறி கொண்ட ஒருவன் கோவலனை வாளால் வெட்டிவிடுகிறான்.

வழக்குரை காதையில் நடப்பது இதற்கு நேர் எதிர். வாயிலோன் கண்ணகியின் வருகையை அறிவிக்கிறான், அரசன் அழைக்கிறான், அவள் தன் ஊரையும் கணவனையும் சொல்கிறாள். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அன்று என்று அரசன் வாதிடுகிறான். சட்ட அளவில் அவன் சொல்வது அக்கால வழக்கத்துக்குப் பொருந்தியதே. கோவலன் கள்வனா என்பதுதான் கேள்வி. கண்ணகி தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள், அரசியின் சிலம்பின் பரல் முத்து என்று அரசன் சொல்கிறான். வெளித்தோற்றத்தில் ஒத்திருந்த இரண்டையும் பிரித்தறிய உள்ளிருக்கும் பரலே சான்று. கோவலனிடமிருந்து பறித்த சிலம்பு உடைக்கப்படுகிறது, மாணிக்கம் தெறிக்கிறது. இந்தச் சோதனைக்கு அதிக நேரம் ஆகவில்லை. கோவலனை உயிருடன் அவைக்குக் கொண்டுவந்திருந்தால் முதல் நாளிலேயே இதைச் செய்திருக்கலாம். அரசன் பொற்கொல்லன்மேல் பழி போடாமல் தன்னையே கள்வனாக அறிவித்து உயிர் விடுகிறான்.

கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் சொல்லும் வார்த்திகன் கதை இங்கே கவனிக்கத்தக்கது. திருத்தங்காலைச் சேர்ந்த வார்த்திகனின் மகனுக்குப் பராசரன் என்பவன் அணிகலன்களைப் பரிசளித்தான். அது அரசுக்கு உரிய புதையல் என்று ஐயுற்ற அதிகாரிகள் வார்த்திகனைச் சிறையிட்டனர். அவன் மனைவி கார்த்திகை அழுதாள். கொற்றவை கோயில் கதவு திறக்கவில்லை. காரணம் கேட்டறிந்த பாண்டியன் அவனை விடுவித்துப் பொறுத்தருள வேண்டினான். தங்காலையும் வயலூரையும் அளித்தான். புதையல் கண்டவருக்கே உரியது என்று முரசும் அறைவித்தான். பாண்டியர் நீதிக்குச் சான்றாகத் தெய்வம் இதைச் சொல்கிறது. கோவலன் வழக்கோடு வைத்துப் பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. இரண்டிலும் பொய்க் குற்றச்சாட்டு, இரண்டிலும் ஒரு மனைவியின் அழுகை. வார்த்திகன் சிறையில் உயிரோடு இருந்ததால் பிழையைத் திருத்த முடிந்தது.

கோவலனின் முற்பிறப்பைச் சொல்லி ஊழ்வினையைக் காரணமாக்குவதும் இதே காதைதான். முற்பிறப்பில் பரதன் என்ற பெயருடன் இருந்த அவன், சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் எனப் பொய்யாகக் காட்டிக்கொடுத்துக் கொல்லவைத்தானாம். அதுவும் விசாரணையற்ற கொலையே. ஆகவே ஊழ் என்ற விளக்கம் அரசனின் பொறுப்பைக் குறைக்கவில்லை.

அடுத்து ஆட்சிக்கு வந்த வெற்றிவேற்செழியன் கொற்கையிலிருந்து வந்து, கண்ணகிக்குப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்றும் அதன்பின் மழை பெய்தது என்றும் காப்பியம் சொல்கிறது. திருடியவன் ஒருவனே. ஆயிரவரில் ஒருவரும் விசாரிக்கப்பட்டதாகக் காப்பியம் குறிப்பிடவில்லை.