அரிசிம்பருப்புச் சோறு: சமையற்குறிப்பை வாசிக்கும் முறை

அரிசிம்பருப்புச் சோறு என்பது கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் அரிசியையும் துவரம் பருப்பையும் ஒரே பாத்திரத்தில் தாளித்து வேகவைத்துச் செய்யும் உணவு. நெய் ஊற்றி, தயிரோ அப்பளமோ ஊறுகாயோ சேர்த்து உண்பர். இதன் குறிப்பு நாலைந்து வரிக்கு மேல் போகாது. ஆனாலும் எவ்வளவு, எது முன்னால், எது இல்லாவிட்டால் என்ன போடுவது என்று சமைப்பவர் கேட்கும் மூன்று கேள்விகளுக்கும் விடை அந்த வரிகளுக்குள்ளேயே இருக்கிறது. அதை எடுக்கும் வழியை இக்கட்டுரை கூறுகிறது.

அளவைகள்

பழைய குறிப்புகளை வாசிக்க முகத்தலளவை தெரிந்திருக்க வேண்டும். ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. எட்டுப் படி கொண்டது குறுணி. மரக்கால் என்பதும் அதுவே. ஆக ஒரு படியில் எட்டு ஆழாக்கு. கொங்கு நாட்டில் களத்து மேட்டில் தானியம் அளக்க வள்ளம் என்ற பெரிய அளவை இருந்தது. சமையலறைக்குள் அது வருவதில்லை. எடைக்குப் பலமும் வீசையும். நாற்பது பலம் ஒரு வீசை; ஒரு பலம் ஏறத்தாழ 35 கிராம். மெட்ரிக் அளவைக்கான சட்டம் 1956இல் வந்தது. எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951இல் வெளிவந்தது, அதாவது அச்சட்டத்துக்கு முந்தியது. அக்காலக் குறிப்பு எதைப் புரட்டினாலும் இந்த அளவைகளை மனத்தில் வைத்துக்கொண்டே வாசிக்க வேண்டும்.

படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் வேறுபட்டது. ஆழாக்கை இன்று 168 மில்லி என்று கணக்கிடுவோரும் உண்டு, 200 மில்லி என்று வைத்துக்கொள்வோரும் உண்டு. அரிசிம்பருப்பைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு பெரிய தொல்லை தராது, ஏனென்றால் அரிசி, பருப்பு, தண்ணீர் மூன்றையும் ஒரே பாத்திரத்தால் அளக்கிறோம். ஒரு பங்கு அரிசிக்குக் கால் பங்கு பருப்பு, மூன்றரைப் பங்கு தண்ணீர் என்பது முறை. பாத்திரம் பெரிதானாலும் சிறிதானாலும் விகிதம் நிற்கும். கரண்டியாலும் எண்ணிக்கையாலும் சொல்லப்படும் உப்பு, மிளகாய், எண்ணெய் ஆகியவற்றில்தான் அளவு பிசகுகிறது. 250 மில்லி டம்ளரில் அரிசியை அளந்துவிட்டு, 168 மில்லி ஆழாக்குக்காக எழுதிய உப்பைப் போட்டால் சோறு சப்பென்றிருக்கும். எனவே குறிப்பைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது எந்தப் பொருள் விகிதத்தில் இருக்கிறது, எது தனியாக நிற்கிறது என்பதே.

‘கால் பங்கு பருப்பு’ என்பது அரிசியில் கால் பங்கு, மொத்தத்தில் அல்ல. மொத்தத்தில் கால் என்று கொண்டால் பருப்பு அரிசியில் மூன்றில் ஒன்றாகிவிடும். அப்போது கிடைப்பது பருப்புச் சோறு.

ஓர் எடுத்துக்காட்டு. ஓர் ஆழாக்கு அரிசிக்கு எழுதிய குறிப்பை அரைப்படிக்குப் பெருக்க வேண்டும் என்று கொள்வோம். அரைப்படி நான்கு ஆழாக்கு. பருப்பு ஓர் ஆழாக்கு ஆகிறது. தண்ணீர் கணக்குப்படி பதினான்கு. ஆனால் குக்கரில் விசில் வழியாகப் போகும் நீராவி அரிசியின் அளவோடு சேர்ந்து நான்கு மடங்காவதில்லை. ஆகையால் பதின்மூன்று ஊற்றினால் போதும். மீதி ஒன்றைக் கொதிக்கவைத்து அருகில் வைத்துக்கொள்ளலாம். உப்பு நான்கு மடங்குக்குச் சற்றுக் குறைவு. மூன்று வரமிளகாய் பன்னிரண்டாகக் கூடாது, எட்டு ஒன்பதில் நிறுத்துவது நல்லது. தாளிக்கும் எண்ணெயும் மூன்று மடங்குக்கு மேல் வேண்டாம். விசில் எண்ணிக்கை மாறாது: மூன்றுக்கு மூன்றுதான். நிறைந்த குக்கர் முதல் விசிலுக்கே நேரம் எடுத்துக்கொள்வதால் வேகும் காலம் தானாக நீண்டுவிடும். குறிப்பில் எழுதாத ஒரு கேள்வி குக்கரின் அளவு. ஆழாக்கை 200 மில்லி என்று கொண்டால் தண்ணீரும் தானியமும் சேர்ந்து மூன்றரை லிட்டரை நெருங்கும். பருப்பு நுரைக்கும் என்பதால் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. ஐந்து லிட்டர் குக்கரில் இது ஆகாது. ஏழரை லிட்டர் வேண்டும்.

வரிசை

குறிப்பில் ‘செய்முறை’ என்ற தலைப்பின் கீழ் இருப்பவை மட்டும் வேலைகள் அல்ல. பொருள் பட்டியலில் ‘ஊறவைத்த அரிசி, பருப்பு’ என்றிருந்தால் அது இருபது நிமிட வேலை, அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே முடிந்திருக்க வேண்டியது. ‘உரித்த சின்ன வெங்காயம்’ என்பதும் அப்படியே.

எண்ணெய் காய்ந்ததும் கடுகு. அது வெடித்த பிறகு சீரகம், மிளகு, வரமிளகாய். பின் கறிவேப்பிலை, பூண்டு, வெங்காயம். சீரகத்தைக் கடுகோடு போட்டால் கடுகு வெடிப்பதற்குள் சீரகம் கருகிக் கசக்கும். அடுத்தது தக்காளி, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள். தக்காளி பிற்காலச் சேர்க்கை. பழைய முறையில் அது இல்லை. குக்கரில் அதை எப்போது போட்டாலும் பெரிய வேறுபாடு தெரியாது. திறந்த பாத்திரத்தில் வைத்தால் பருப்பு முதலில் அரைவேக்காடாக வெந்திருக்க வேண்டும், பிறகுதான் அரிசியும் தக்காளியும் சேர வேண்டும். புளிப்பு பட்டால் பருப்பு இளக நேரமாகும். இரண்டு விரலுக்கிடையே ஒரு பருப்பை வைத்து நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி தென்படுவது அரைவேக்காடு.

குக்கரைத் திறந்ததும் மேலே தண்ணீர் நிற்பது பிழையன்று. கிளறிப் பத்து நிமிடம் விட்டால் இறுகிவிடும். சூட்டில் சற்றுத் தளர்வாக இருப்பதே சரியான பதம். திறந்த உடனே கெட்டியாகத் தெரிந்தால் ஆறியபின் கட்டியாகிவிடும், அப்போது முன்பு ஒதுக்கி வைத்த கொதிநீர் கைகொடுக்கும்.

மாற்றுப் பொருள்கள்

ஒரு பொருள் அந்தக் குறிப்பில் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துத்தான் மாற்ற வேண்டும். துவரம் பருப்புக்குப் பதில் பாசிப்பருப்புப் போடலாம்; ஆனால் அது சீக்கிரம் கரைந்து சோற்றைப் பொங்கலாக்கிவிடும், ஆகவே ஒரு விசில் குறைக்க வேண்டும். பச்சரிசிக்குப் பதில் புழுங்கலரிசி என்றால் தண்ணீர் அரைப் பங்கு கூடும், ஊறும் நேரமும் கூடும். சின்ன வெங்காயத்தைப் பெரிய வெங்காயத்தால் மாற்றும்போது எண்ணிக்கையை விட்டுவிட்டு எடையைப் பார்க்க வேண்டும். மூன்று பலம், அதாவது நூறு கிராம் அளவுக்குச் சின்ன வெங்காயம் பதினைந்து வரும்; பெரியது நடுத்தரமாக ஒன்று. பெரியது நீர் விடும், நிறம் மாறும்வரை கூடுதல் நேரம் வதக்க வேண்டும். தக்காளி இல்லையென்றால் பரிமாறும்போது பிழியும் எலுமிச்சை போதும். கறிவேப்பிலைக்கு மாற்று இல்லை. கொத்தமல்லி போட்டால் அது வேறு சோறு.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் கொங்குச் சீமையில் முன்பு அன்றாட உணவு கம்பு, சோளம், ராகி, சாமை முதலியவை. அரிசிச் சோறு விசேஷ நாளுக்குரியது. அதனால் இந்தக் குறிப்பில் அரிசிக்குப் பதில் சாமை போடுவது புது யோசனை அல்ல. சாமை பருப்பைவிட விரைவில் வெந்துவிடும். பருப்பைத் தனியாக முக்கால் பதம் வேகவைத்த பிறகே சாமையைச் சேர்க்க வேண்டும். தண்ணீரையும் ஒரு பங்கு குறைத்து, குக்கரை விடத் திறந்த பாத்திரத்தில் வைப்பது நல்லது. குழைவதற்குள் கண்ணால் பார்த்து இறக்கலாம்.

இன்று

கோவையில் 1957இல் தொடங்கிய அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி போன்ற நிறுவனங்கள் வழியே கிராம், மில்லி கணக்கில் எழுதிய குறிப்புகள் பாடமாயின. இப்போது பெரும்பாலானவை கைபேசியில் வாசிக்கப்படுகின்றன. அவற்றில் கப் என்றால் பெரும்பாலும் 240 மில்லி.