மூட்டுப் பரிசோதனை (பார், தொடு, அசை)

வலிக்கும் மூட்டைச் சோதிக்கப் புதிய மாணவருக்குக் கற்றுத்தரப்படும் வரிசைமுறை. பிரிட்டிஷ் எலும்பியல் மருத்துவர் ஆலன் கிரகாம் ஏப்லி (1914–1996) தம் வகுப்புகளாலும் பாடநூலாலும் இதைப் பரவச் செய்தார். முழங்காலை எடுத்துக்கொண்டால் முறை எளிதில் விளங்கும்.

இரண்டு கால்களையும் தொடைவரை திறந்து, நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, முதலில் கைபடாமல் பார்க்க வேண்டும். முழங்கால் சில்லின் உட்புறம் இயல்பாக ஒரு பள்ளம் இருக்கும். மூட்டில் நீர் சேர்ந்தால் அது நிரம்பிவிடும். மறுகாலோடு ஒப்பிட்டால்தான் இது கண்ணில் படும்.

அடுத்து, புறங்கையால் சூடு பார்க்க வேண்டும். நலமான முழங்கால் தொடையைவிடச் சற்றுக் குளிர்ந்திருக்கும். இரண்டும் ஒரே சூடாக இருந்தாலே அழற்சியைச் சந்தேகிக்கலாம். வலியில்லாத இடத்தில் தொடங்கி, வலிக்கும் இடத்தைக் கடைசியில் அழுத்த வேண்டும். அப்போது கண் நோயாளியின் முகத்தில் இருக்கட்டும்.

அசைவு கடைசி. முதலிலேயே மடக்கி வலியைக் கிளப்பினால் தசைகள் இறுகிவிடும். பிறகு தொட்டுப் பார்த்தும் பயனில்லை. நோயாளியே மடக்கி நீட்டிய பின்புதான் மருத்துவர் அசைக்க வேண்டும். நோயாளியால் நீட்ட முடியாமல், மருத்துவர் நீட்டும்போது முழுதாக நீண்டால், கோளாறு பெரும்பாலும் தசையிலோ தசைநாணிலோ நரம்பிலோ இருக்கும். இரண்டுமே தடைப்பட்டால் மூட்டையே ஐயுற வேண்டும்.

முழங்கால் வலிக்கிறது என்று வரும் சிறுவனுக்கு இம்மூன்றிலும் குறை தெரியாவிட்டால், இடுப்பு மூட்டை உட்புறம் திருப்பிப் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. இடுப்பு நோய் முழங்கால் வலியாக மட்டுமே வெளிப்படுவதுண்டு.