பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம்: மே மாத மனுவிலிருந்து மின்னஞ்சல் வரை

போன வாரம் என்னிடம் படித்த மாணவி ஒருத்தி போனில் பேசினாள். அவளுக்கே இப்போது ஐந்தாம் வகுப்பில் பிள்ளை. "சார், பையன் படிப்பைப் பத்திப் பேசணும்னு ஹெட்மாஸ்டருக்கு மெயில் போடணும். தப்பா எடுத்துக்காம இருக்கணும். எப்படி எழுதுறது?" என்றாள். பதிலாக, பெற்றோர் எங்களுக்கு எழுதிய கடிதங்களின் கதையைச் சொன்னேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் வேலையில் சேர்ந்தது 1984-ல். அப்போது பெற்றோரிடமிருந்து வரும் கடிதங்களில் முக்கால்வாசி லீவ் லெட்டர். மற்றவை பெரும்பாலும் மே மாதத்தில் வரும். வருடாந்திரத் தேர்வு முடிந்து யார் பாஸ், யார் பெயில் என்று முடிவாகும் நேரம் அது. தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுபவரிடம் காசு கொடுத்து எழுதி வாங்கிக்கொண்டு வருவார்கள். பழைய ஆட்கள் எழுதினால் 'மகாராஜராஜஸ்ரீ' என்று தொடங்கி 'சமூகத்திற்கு' என்று போகும். நடுவில் குடும்பக் கஷ்டம் இருக்கும். கடைசியில், பெரிய மனது வைத்துப் பையனைப் பாஸ் போட வேண்டும் என்ற வேண்டுகோள் வரும்.

அந்த மனுக்களில் மரியாதைக்குக் குறைவே இல்லை. ஆனால் பிள்ளைக்கு எந்தப் பாடம் வருகிறது, எது வரவில்லை என்று ஒரு வரி இருக்காது. அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. பள்ளிக்கூடம் சர்க்காருடையது, சர்க்காருக்கு எழுதினால் அது மனுதான் என்று பழகியவர்கள். விவரம் தெரிந்துகொள்ள வழியும் குறைவு. பிராக்ரஸ் கார்டு வீட்டுக்குப் போகும், கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொண்டு மறுநாள் திரும்பி வரும். எங்களிடமிருந்து சேதி போகும். அங்கிருந்து வருவது கைநாட்டு மட்டும்தான்.

இதை மாற்றியது ஒரு சட்டம். 2009-ல் இயற்றி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். அதன் 16-வது பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கக் கூடாது என்றது. (2019-ல் இதைத் திருத்தினார்கள். அது வேறு கதை.) அதோடு மே மாத மனுக்கள் நின்றுபோயின. எனக்கு நிம்மதிதான். ஆனால் பிள்ளையின் படிப்புக்காகப் பெற்றோர் பள்ளிப்படி ஏறிய ஒரே சந்தர்ப்பமும் அதோடு போயிற்று.

அதே சட்டத்தின் 24-வது பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. ஆசிரியரின் கடமைகளை வரிசையாகச் சொல்லும் பிரிவு அது. பெற்றோரை முறையாகச் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், படிப்பில் அடைந்த முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. ஆக, சந்திக்க நேரம் கேட்பது தயவு கேட்பது அல்ல. ஆசிரியரின் வேலையில் ஒரு பகுதியைத்தான் கேட்கிறோம்.

2012-13-ல் தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புவரை முப்பருவ முறை வந்தது. ஒவ்வொரு பருவத்திலும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. முதலாவது வகுப்பில் செய்யும் செயல்பாடுகளும் சிறு தேர்வுகளும். இரண்டாவது பருவக் கடைசியில் எழுதும் தேர்வு. இரண்டையும் கூட்டி ஒரு கிரேடு. பெற்றோர் கண்ணில் படுவது அந்தக் கிரேடுதான்.

2015 ஜனவரி. அப்போது நான் நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர். பள்ளிக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டு. அலுவலகச் சுற்றறிக்கை பார்க்கத்தான் அதைத் திறப்போம். அன்று சுற்றறிக்கைகளுக்கு நடுவே ஒரு தகப்பனாரின் கடிதம் இருந்தது. ஷார்ஜாவில் வேலை பார்ப்பவர். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியிருந்தார். வாய்விட்டுப் படித்தால்தான் புரிந்தது. தமிழ் எழுத்தில் மாற்றினால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம். ஆறாம் வகுப்பில் படிக்கும் மாணவனின் தகப்பன் நான். இரண்டு பருவ மதிப்பெண் அட்டையையும் வீட்டில் படம் எடுத்து அனுப்பினார்கள். கணக்கில் முதல் பருவம் வளரறி 36, தொகுத்தறி 45. இரண்டாம் பருவம் வளரறி 37, தொகுத்தறி 25. வகுப்பில் செய்வது குறையவில்லை, தேர்வில் எழுதுவது மட்டும் 20 மார்க் குறைந்துள்ளது. அறிவியலிலும் இதே மாதிரி இருக்கிறது. கேட்டால் நன்றாகத்தான் எழுதினேன் என்கிறான். பிப்ரவரி 9 முதல் 20 வரை விடுப்பில் ஊருக்கு வருகிறேன். தங்களுக்கும் கணக்கு ஆசிரியருக்கும் தோதான ஒரு நாளில் 15 நிமிடம் கொடுத்தால் நானும் என் மனைவியும் வருகிறோம். அவன் தேர்வுத் தாளைப் பார்க்க முடிந்தால் நல்லது. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை ஐயா."

மொத்தம் 81-லிருந்து 62. அட்டையில் ஏ2, பி2 ஆகியிருந்தது. பி2 வாங்கிய பையனைப் பற்றி எங்களில் யாரும் கவலைப்படவில்லை. தொகுத்தறி 60-க்கு 25 என்பதை, தாராளமாகப் போட்ட வளரறி 37 மூடி மறைத்திருந்தது. தாராளமாகப் போட்டவர்கள் நாங்கள்தான்.

கடிதம் கேட்டபடி தாளை எடுத்து வைத்தோம். எண்களாகக் கொடுத்த கணக்கெல்லாம் சரியாகப் போட்டிருந்தான். மூன்று நான்கு வரியில் கதையாகக் கொடுத்த கணக்குகளின் இடம் எல்லாம் வெறுமை. இரண்டாம் பருவத் தாளில் அப்படிப்பட்டவை அதிகம். பையனைக் கூப்பிட்டு ஒரு கணக்கை வாசிக்கச் சொன்னோம். எழுத்து எழுத்தாகக் கூட்டினான். வரி முடியும்போது வரியின் தொடக்கம் அவனுக்கு மறந்திருந்தது. கணக்கு அவனுக்கு வந்தது, வாசிப்புதான் வரவில்லை. தமிழ்ப் பாடத்தில் கேள்வி பதிலை மனப்பாடம் செய்து தப்பித்திருக்கிறான். வகுப்புச் செயல்பாடுகளில் கூட இருந்த பிள்ளைகள் வாசித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

பிப்ரவரியில் தகப்பனாரும் தாயாரும் வந்தார்கள். கணக்கு டியூஷன் வைக்கலாமா என்று கேட்கத் தயாராக வந்திருந்தார்கள். வேண்டாம், மாலையில் அரை மணி நேரம் நிறுத்தி வாசிக்க வைக்கிறோம், வீட்டில் அம்மா தினமும் ஒரு பக்கம் வாசிக்கக் கேட்கட்டும் என்று முடிவு செய்தோம். மூன்றாம் பருவத்தில் கணக்குத் தொகுத்தறி 34. பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் கதைக் கணக்குகளில் இரண்டை எழுதிப் பார்த்திருந்தான். அந்த மின்னஞ்சல் வராமல் போயிருந்தால், பி2 கிரேடோடு எட்டாம் வகுப்பு முடித்து வெளியே போயிருப்பான்.

என் மாணவியிடம் சொன்னது இதைத்தான். "நல்லா படிக்க மாட்டேங்கிறான்னு எழுதினா, 'கவனிக்கிறோம்மா'ன்னு பதில் வரும். அதோட முடிஞ்சுடும். எந்தப் பாடம், எந்தத் தேர்வு, முன்னே எவ்வளவு, இப்போ எவ்வளவுன்னு எழுது. வீட்டில நீ பார்த்த ஒரு விஷயத்தைச் சேர்த்துக்கோ. யாரைப் பார்க்கணும், எந்தெந்த நாள் உன்னால வர முடியும்னு சொல்லு. விடைத்தாளை எடுத்து வைக்கச் சொல்லிக் கேளு. வணக்கம் சொல்லி ஆரம்பி, நன்றி சொல்லி முடி. பெரிய மனது வைத்துன்னு மட்டும் எழுதாதே."

"அவ்ளோதானா சார்?" என்றாள். முதலில் பையனின் அட்டையை எடுத்து, கிரேடை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் எண்களைப் பார்க்கச் சொன்னேன். எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று போனை வைத்திருக்கிறாள்.